சத்தியசீலனுக்கு முன்னால் போகாத விமலா

சுங்கை ஆயர் தாவாரில் பிறந்து வளர்ந்த விமலாவுக்கு மேடு என்றால் வாய்க்கால் கரைதான். செம்பனைக் காட்டுக்குள் கண்ணுக்கெட்டிய வரை தட்டைத் தரை. அவள் வேலை பார்க்கும் செரண்டா தொழிற்சாலைக்காரர்கள் முதல்முறை மலையேறப் போனபோது, இறக்கத்தில் அவள் வழுக்கி உட்கார்ந்தபடியே சறுக்கினாள். லைன் லீடர் சத்தியசீலன் அதைப் படம்பிடித்து குரூப்பில் போட்டான். இரண்டு மாதம் கேன்டீனில் அவள் தலை நிமிரவில்லை. அவனை அதே மலையில் ஒருநாள் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று நெஞ்சுக்குள் கறுவிக்கொண்டாள்.

வாராவாரம் மலையேறும், பேக்கிங் பிரிவுத் தனுஜாதான் சொல்லிக்கொடுத்தாள். "ஏறும்போது பேசிக்கிட்டே போக முடியணும்கா. மூச்சு வாங்கினா வேகம் கூடுதல்னு அர்த்தம். இந்த நீட்டிக் குறைக்கிற ஊன்றுகம்பை ஏற்றத்துக்குக் குட்டையாக்குங்க, இறக்கத்துக்கு நீட்டுங்க. முட்டியைக் கொல்றது இறக்கம்தான்." விமலா தினமும் ஃபிளாட் படிகளில் மெதுவாக இறங்கிப் பழகினாள், முட்டியைச் சற்று மடக்கி, குட்டிக் குட்டி அடியாக.

அதே மலைக்கு இரண்டாம் முறை போன அன்று சத்தியசீலன் இரு முட்டியிலும் சூட்டுத் தைலத்தை அப்பி, அதன் மேலேயே முட்டி உறையை இறுக்கிக்கொண்டான். உறை போட்டால் முட்டி இரும்பாகிவிடும் என்று அவனுக்கு நினைப்பு.

"கிழவி மாதிரி கம்பு ஊன்றிக்கிட்டு வரீங்களே அக்கா," என்று தாண்டிப் போனான்.

விமலாவுக்கு ரத்தம் கொதித்தது. ஓடிப் பிடிக்கலாமா என்று கால்கள் துடித்தன. ஆனால் ஓடினால் பாதியிலேயே நாக்குத் தள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு தனுஜாவோடு குழம்புச் சமாச்சாரம் பேசியபடியே ஏறினாள்.

உச்சியில் இளைப்பாறியபின் சத்தியசீலன் குதித்துக் குதித்து இறங்கினான். விமலா கம்புகள் இரண்டையும் நீட்டி, இரண்டடி முன்னால் ஊன்றிப் பார்த்துப் பார்த்து வந்தாள். பாதி இறக்கத்தில் அவன் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தான். உறைகளைக் கழற்றி எறிந்திருந்தான். வியர்வையும் தைலமும் அடைபட்டு தோல் செக்கச் சிவந்து எரிந்தது. வலது முட்டி வீங்கியிருந்தது.

"அக்கா, ஒரு கம்பு குடுங்க லா."

விமலாவுக்கு இரக்கம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவும் அவள் மெனக்கெடவில்லை. ஒரு கம்பை அவன் உயரத்துக்கு நீட்டிப் பூட்டினாள்.

"நல்ல கால் பக்கம் பிடிங்க. வலிக்கிற காலை முதல்ல கீழ வைங்க, கம்பும் அதோடயே இறங்கணும். அவசரப்படாதீங்க."

"நீங்க முன்னால போயிடுங்க அக்கா. நான் மெதுவா வரேன். கீழ எல்லாரும் நிக்கிறாங்க, பாப்பாங்க."

"பாக்கட்டும்," என்றாள் விமலா. "நீங்க முன்னால நடங்க. உங்களைத் தாண்டிப் போறதா இல்ல நான்."

கீழே நின்ற எல்லாரும் பார்க்க அவன் கம்பு ஊன்றி முன்னால் நொண்டி வர, கார் நிறுத்தும் இடம் வரும்வரை அவள் ஓரடி பின்னாலேயே நடந்தாள். அவளுக்கு எந்த முட்டியும் வலிக்கவில்லை.