பொய்யாக இருக்கட்டும் என்று கேட்ட கேள்விகள்

மகனுக்கு ஒரு ஏஜெண்டு மூலம் துபாயில் வெல்டர் வேலை வந்தது. அவர் நம்பத்தக்கவரா என்று விசாரிப்பதை என்னிடம் விட்டான். மிளகுத் தோட்டத்துக்கு மேலே, சிக்னல் கிடைக்கும் பாறையில் மகனோடு உட்கார்ந்து ஏஜெண்டிடமே வாட்ஸ்அப்பில் கேட்டேன்.

லைசென்ஸ் எண் வந்தது. அரசு இணையதளத்தில் தேடினோம், அதே பெயர், இன்னும் செல்லுபடியாகிறது. ஒப்பந்த நகல் வந்தது. கம்பெனி பெயரும் சம்பளமும் தங்குமிடமும் அவர் சொன்னபடியே இருந்தன. கட்டணம் அரசு வரம்புக்குள், வங்கி வழியாக, ரசீதோடு.

ஒவ்வொரு பதிலுக்கும் மகன் முகம் மலர்ந்தது. எனக்குள் மூடுபனி இறங்கியது. ஏதாவது ஒன்று பொய்யாக இருந்துவிடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

சம்பளத்தில் பிடித்தம் உண்டா என்று மறுபடியும் கேட்டேன். ஏஜெண்டின் பதில் வந்தது:

“இதுக்கு முன்னாடியே பதில் போட்டுட்டேன் சார். பையனை அனுப்ப மனசில்லைங்களா?”

தோளுக்குப் பின்னாலிருந்து மகன் படித்துவிட்டான்.

“மிளகு பறிக்க ஆளு வேணுமுங்களாப்பா?” என்று சிரித்தான்.

ஆள் கிடைக்கும். வீட்டில் அவன் இல்லாமல் போவதுதான் எனக்குப் பயம். அந்தப் பயத்துக்கு விசாரணை என்று பெயர் வைத்திருந்தேன்.

“எல்லாம் நெசந்தான் கண்ணு” என்று போனை நீட்டினேன். அவன் முகத்தைப் பார்க்கக் கூசியது.