ஐரேன் வீட்டு வாசலில் சிவப்பு நூல்கண்டு

எங்கள் சந்தில் யாருக்கு யார் மேல் பொறாமை என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட ஐரேனின் வீட்டைக் காட்டும். காரைக்காலில் பிறந்து சைகோனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். சுறுசுறுப்பு, கைமணம், வாய் எல்லாம் கொஞ்சம் தாராளம். அவளுக்கு ஆகாதவள் ஒருத்திதான். சந்து முனையில் தையல் கடை வைத்திருந்த விதவை ஜூலியேத்.

ஜூலியேத் அவளை ஒன்றும் செய்யவில்லை. அதுதான் ஐரேனுக்கு இன்னும் ஆத்திரம். ஐரேன் பல வருஷம் அழுது, கத்தி, சாமிப் படத்தின் முன்னால் மண்டியிட்டும் நிறுத்த முடியாத புருஷனின் குடியை அந்தத் தையல்காரி ஒரு நூல்கண்டை வைத்து நிறுத்தப் பார்த்தாள். எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பொறுக்கும்?

புருஷன் ஃபெர்னான் பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரன். சண்டை முடிந்தபின் கன்னியர் நடத்திய ஒரு பள்ளியில் வேன் ஓட்டினான். தங்கமான மனுஷன், சாயங்காலம் அரிசிச் சாராயக் கடையைத் தாண்டும்வரை. ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனபோதும் வாயில் சாராய வாடை போகவில்லை. இன்னொரு முறை வாடை வந்தால் சாவியை வாங்கிவிடுவேன் என்று தலைமைக் கன்னியர் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் அடுத்த வேலை கிடைக்கிற காலம் இல்லை அது. பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள்.

ஃபெர்னான் தானே போய் ஜூலியேத்திடம் பெயர் கொடுத்தான். அவளுடைய ஏற்பாடு சந்துக்கே தெரியும். ஏதாவது ஒன்றைச் செய்வதாகவோ விடுவதாகவோ வாக்குக் கொடுத்தவர் வீட்டுக் கதவில் மத்தியானம் ஒரு சிவப்பு நூல்கண்டைத் தொங்கவிடுவாள். அதுதான் ஞாபகப்படுத்தல். கடை சாத்துவதற்குள் அவரே அதைக் கொண்டுவந்து கொடுத்து, இன்றைக்கு வாக்கைக் காப்பாற்றினேன் என்று சொல்ல வேண்டும். வராவிட்டால் முன்னமே ஒப்புக்கொண்ட அபராதம்: கோயில் வாசலில் ஏழைகளின் ரொட்டிக்காக வைத்திருக்கும் அந்தோணியார் பெட்டியில் ஒரு சிறு காணிக்கை. துணிக்கடை அப்துல் குத்தூஸுக்கு மட்டும் பெட்டிக்குப் பதிலாக ஓர் ஏழைக்கு ஒரு கெஜம் துணி. ஊரிலிருக்கும் தாய்க்கு வாராவாரம் கடிதம் எழுதுவதாக அவர் வாக்கு. மகா கஞ்சப் பேர்வழி, துணியை வெட்டிக் கொடுப்பது அவருக்குச் சதையை வெட்டுகிற மாதிரி. ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

ஃபெர்னான் விஷயத்தில் கூடுதலாக ஒன்று. நூல்கண்டைக் கொடுக்கும்போது ஊதிக் காட்ட வேண்டும். தன் புருஷன் இன்னொருத்தியின் முகத்துக்கு நேரே போய் ஊதிவிட்டு வருகிறான் என்பதை நினைத்தாலே ஐரேனுக்கு உடம்பெல்லாம் எரியும். ஜன்னலில் நின்று பார்ப்பாள். பார்த்துவிட்டு அன்றைக்குக் குழம்பில் உப்பு அள்ளிப் போடுவாள்.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் போனான். பிறகு ஒரு நாள் தவறினான். பெட்டியில் காணிக்கை போட்டான், மனசு லேசாகிவிட்டது. ஏழைக்கு ரொட்டி, தனக்குச் சாராயம், யாருக்கு என்ன நஷ்டம்? அடுத்த வாரம் திங்கட்கிழமையே மொத்த வாரத்துக்கும் முன்பணமாகப் போட்டுவிட்டுக் குடிக்கப் போனான்.

ஐரேனுக்கு வயிற்றெரிச்சலும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். அவளாலும் முடியவில்லை பார் என்ற திருப்தி ஒரு பக்கம். நேராகத் தையல் கடைக்குப் போனாள்.

"என்னமோ பெரிய வைத்தியம் பண்ணுனியே! ஒன் நூல்கண்டு எம் புருஷனுக்குக் குடிக்கிறதுக்கு டிக்கெட் கிழிச்சுக் குடுத்திருக்கு. புண்ணியத்தோட குடிக்கிறாரு இப்ப."

ஜூலியேத் தையல் மிஷினை நிறுத்தினாள். "தப்பு என்னோடதுதாங்கக்கா. அபராதம்னா வலிக்கணும். இது அவருக்கு இனிக்குது. அவருக்கு எது வலிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் சொல்லணும்."

இதை ஐரேன் எதிர்பார்க்கவில்லை. தன்னைத் தவிர யாருக்கும் தெரியாத ஒன்றைத் தன்னிடமே கேட்கிறாள். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"தெசிரே," என்றாள்.

தெசிரே காரைக்காலில் ஐரேனைப் பெண் கேட்டவன். இப்போது இதே சைகோனில் ஏற்றுமதிக் கம்பெனியில் பெரிய குமாஸ்தா. ஞாயிறு பூசைக்குப் பளபளக்கும் பெஜோ காரில் வந்து இறங்குவான். அவன் பெயரைக் கேட்டாலே ஃபெர்னான் முகம் கறுத்துவிடும். பொறாமை அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் சொந்தமில்லை.

புது அபராதம் அன்றே முடிவானது. தவறினால் ஞாயிறு பூசை முடிந்து ஜனம் வெளியே வரும் நேரத்தில், கோயில் வாசலிலேயே தெசிரேயின் காரைக் கழுவித் துடைக்க வேண்டும். ஃபெர்னான் கெஞ்சினான். ஆனாலும் குடிக்காமல் இருந்தால் கழுவ வேண்டியதில்லையே என்று ஒப்புக்கொண்டான். ஒரே ஒரு முறை தவறினான். வாளியும் துணியுமாக அவன் குனிந்து நிற்க, தெசிரே பக்கத்தில் நின்று, "மெர்சி, ரொம்ப நன்றி ஃபெர்னான், அந்தப் பின் சக்கரத்தையும் பாருப்பா," என்றான். அதன்பிறகு மாதக்கணக்கில் சிவப்பு நூல்கண்டு நேரத்துக்குக் கடை போய்ச் சேர்ந்தது.

ஐரேன் நிம்மதியாக இருந்திருக்கலாம். இருந்தால் அவள் ஐரேனா? வழி சொன்னவள் நான், பெயரைத் தட்டிக்கொண்டு போகிறவள் அவளா என்று குமைந்தாள். ஒரு நாள் கடைக்குப் போய்க் கேட்டே விட்டாள்.

"இனிமே அவரு எங்கிட்டயே காட்டட்டும். பொண்டாட்டி நானிருக்கேன்ல?"

ஜூலியேத் மிஷினை விட்டு எழுந்தாள். பிறகு நூல்கண்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

ஐரேன் அதைத் தினமும் மத்தியானம் தன் கையாலேயே கதவில் மாட்டினாள். சாயங்காலம் ஃபெர்னான் எடுத்து வந்து கொடுப்பான், ஊதுவான். அந்த நாட்களில் அவள் சமையல் ருசித்தது என்று பக்கத்து வீட்டுக்காரர்களே சொன்னார்கள்.

ஒரு சனிக்கிழமை ஊதியபோது வாடை வந்தது. லேசாகத்தான்.

"ஒரே ஒரு கிளாஸ், ஐரேன். பழைய சிநேகிதன் ஒருத்தன் பாரிசுக்குப் போறான்."

மறுநாள் ஞாயிறு. அவன் வாளியோடு குனிந்து நிற்பதும், தெசிரே சிரிப்பதும் அவள் கண்முன் வந்தன. "சரி, போங்க. சாப்பிட வாங்க," என்று நூல்கண்டை வாங்கிக்கொண்டாள். கார் கழுவப்படவில்லை. அடுத்த வாரம் இரண்டு கிளாஸ். அதையும் வாங்கிக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் ஃபெர்னானால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஐரேன் பள்ளிக்கு ஓடி, காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு வந்தாள். தலைமைக் கன்னியர் அவளை நம்பாத பார்வை பார்த்தார். இந்த ஒரு முறைதான் பொறுத்துக்கொள்வேன் என்றார்.

பள்ளியிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தையல் கடைக்குப் போய் நூல்கண்டை மேசையில் வைத்தாள்.

"மூணு தடவை தவறிட்டாரு. மூணு ஞாயித்துக்கிழமை கழுவணும்னு நீயே சொல்லு. என்னால சொல்ல முடியல." நூல்கண்டை அவள் பக்கம் தள்ளினாள். "ஒன்னால மட்டும் எப்படிடி முடியுது? அதுதான் எனக்கு எரியுது, போதுமா?"

ஜூலியேத் நூல்கண்டை எடுத்துத் தையல் பெட்டியில் வைத்தாள்.

"நான் ஒண்ணும் கெட்டிக்காரி இல்லக்கா," என்றாள். "எம் புருஷன் குடிச்சுக் குடிச்சுச் செத்தப்ப நானும் ஒவ்வொரு நாளும் 'சரி, சாப்பிட வாங்க'ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன்."