வெறும் வயிற்றில் வியாபாரம்

ஏப்பம் விட வேண்டிய நேரத்தில் மனைவியிடம் இறுதி விடை பெற்றவன் நான். நெஞ்சுக்குழி எரிந்தது, வியர்த்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டு, “என் புத்தகங்கள மட்டும் எடைக்குப் போட்டுடாத” என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டேன். அவள் கார் சாவியை எடுத்தாள்.

கோவை ஆஸ்பத்திரியில் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தார்கள். இதயத்தில் குறையே இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அடுத்த வாரம் எண்டோஸ்கோப்பியில் குற்றவாளி அகப்பட்டது. இரைப்பையின் உள்சுவர் சிவந்து வீங்கியிருந்தது. கிள்ளியெடுத்த துணுக்கைச் சோதித்ததில் கிருமி இல்லை. நாள்பட்ட அழற்சி என்று வந்தது.

“காலைல என்ன சாப்பிடுவீங்க சார்?” என்றார் டாக்டரம்மா.

“டீங்க.”

“அப்புறம்?”

“இன்னொரு டீங்க.”

“அதுக்கப்புறமும் டீதானுங்க டாக்டர்,” என்றாள் மனைவி. “சோறு எப்பத் திம்பாருன்னு அவருக்கே தெரியாதுங்க.”

என் தொழில் அப்படி. கருமத்தம்பட்டிப் பக்கம் விசைத்தறிக்காரர்களுக்கு நூல் விற்கும் ஏஜென்ட் நான். தறிக்கூடத்தில் கால் வைத்ததும் டீ வரும். வேண்டாமென்றால் மரியாதைக் குறைவு. டம்ளர் காலியான பிறகுதான் விலையே பேசுவார்கள். வெறும் வயிற்றில் டீ அமிலத்தைக் கிளப்பிவிடும். நூல் விலை பற்றிய கவலை அதற்கு விசிறி வீசும். மதியச் சாப்பாடு சாயங்காலம் வந்து எட்டிப் பார்க்கும்.

“மாத்திரை கொஞ்ச நாளைக்குத்தான் சார். காலைல டிபனுக்கு அரை மணி முன்னாடி போடுங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க, கொஞ்சம் நடங்க. எரிச்சல் அடங்கற வரைக்கும் டீயே வேண்டாம். அப்புறமும் சாப்பிட்டுட்டுத்தான், அதுவும் கம்மியா. தலைவலிச்சா நீங்களா வலி மாத்திரை வாங்கிப் போடாதீங்க. பழக்கத்த மாத்தலைன்னா மறுபடி இங்கதான் வருவீங்க.”

எல்லாவற்றையும் மாற்றலாம். அவினாசி ரோட்டில் இருக்கும் ஒரு தறிக்கூட முதலாளியை மட்டும் என்ன செய்வது? என் பிழைப்பில் பாதி அவர் கையில். அவர் நீட்டிய டீயை இதுவரை மறுத்ததே இல்லை.

இட்லி தின்றுவிட்டு அவரிடம் போனேன். டீ வந்தது. ஆடை கட்டியது.

“ஏனுங்க, ஆறுதுங்களே?”

“வயித்துல கோளாறுங்க. டாக்டர் ஆகாதுன்னுட்டாங்க.” தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. என்னையே பார்த்தார். இந்த மாத ஆர்டர் போயிற்று என்று முடிவுகட்டினேன். அவர் உள்பக்கம் திரும்பி, “அம்மணி, ரெண்டு மோரு கொண்டா!” என்றார். ஆர்டரும் தந்தார்.

சில வாரங்களில் எரிச்சல் அடங்கியது. நேரத்துக்குப் பசித்தது. என் மன உறுதியால் ஒரு தறிக்கூடத்தின் வழக்கமே மாறிவிட்டதாகப் பெருமிதம் வேறு. ஒருநாள் மோர் குடித்தபடி அதை அவரிடமே அளந்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து நான் போடும் அதே மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்.

“எனக்கு டீயே ஆகாதுங்க. நீங்க வர்றீங்களேன்னுதானுங்க இத்தன வருசமாக் குடிச்சுத் தொலைச்சேன்.”