கல்லுக்கு விட்ட எண்ணெய்

நகரியில் தாட்சாயணியின் வாயை மிஞ்சிய வாய் கிடையாது. தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கும் வேதாச்சலத்துக்கு அது நன்றாகத் தெரியும். பெண்டாட்டி பேச ஆரம்பித்தால் அவர் தறி நாடாவைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளுவார். தறிச் சத்தத்தில் பாதி அடிபட்டுப் போகும், மீதிப் பாதியைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். அப்படித்தான் அந்தக் குடும்பம் இருபது வருஷத்துக்கு மேல் சண்டை சச்சரவில்லாமல் ஓடிற்று.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, நம்ம ஊர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று டீக்கடைக்கு டீக்கடை வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. தாட்சாயணிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவள் கவலை முழுக்கப் புருஷனின் தொப்பையில் இருந்தது. வேதாச்சலத்துக்குச் சர்க்கரை வியாதி என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர், ஆனால் கறார். "உடம்பைக் குறையுங்க. குறைஞ்சா ஊசி வேண்டாம். குறையலன்னா தெனம் இன்சுலின் போட்டுக்கினு இருக்கணும்" என்று தமிழிலேயே சொன்னார். மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு நடக்கிற வேதாச்சலத்துக்கு ஊசியைக் கண்டால் கை கால் உதறும். தாட்சாயணிக்கு வேறு பயம். அவள் அண்ணன் கோவர்த்தனனுக்கு இதே வியாதியில்தான் புண் ஆறாமல் காலை எடுத்தார்கள். காலில்லாமல் நெசவேது? ஊசி என்று சொன்னதுமே அண்ணனின் வெறும் வேட்டி முனைதான் அவள் கண்ணில் ஆடிற்று.

ஆகாரத்தைப் பற்றிச் சொல்லித்தந்தவள் சுலோசனா என்கிற நர்ஸ். சித்தூர்ப் பெண், ஆகையால் பேச்சு சுலபமாக ஒட்டிக்கொண்டது. இரண்டு வேளைச் சோற்றையும் நிறுத்திவிட்டுச் சப்பாத்தி கொடுக்கச் சொன்னாள். ஒரு வேளைக்கு ரெண்டு அவுன்ஸ் மாவு, அதில் மூன்று சப்பாத்தி.

"அவுன்ஸெல்லாம் எனக்குத் தெரியாது சிஸ்டர். எங்க வூட்ல நூல் நிறுக்கிற தராசு இருக்குது. தோலாவுல சொல்லு."

"அப்போ அஞ்சு தோலான்னு வெச்சுக்கங்கம்மா. ஒரு தோலா மாவுக்கு நாப்பது கலோரி. அஞ்சுக்கு எரநூறு."

"பிசைஞ்ச மாவை நிறுக்கிறதா?"

"அய்யோ, வேண்டாம். தண்ணிக்குக் கலோரி கிடையாது. ஒரு நாள் தண்ணி கூடும், ஒரு நாள் கொறையும், நிறை மாறிக்கினே இருக்கும். உலர்ந்த மாவாவே நிறுத்துடுங்க. அதுதான் கணக்கு."

தாட்சாயணி இதைத் தலையில் எழுதிக்கொண்டாள். ரேஷன் கடைக் கோதுமையை வாங்கிப் புடைத்து, மில்லில் தானே நின்று அரைத்து வந்தாள். பட்டு நூல் நிறுக்கிற தராசை அடுப்பங்கரைக்குக் கொண்டு போனாள். தட்டு நேர் நிற்கும்வரை ஒரு சிட்டிகை போடுவதும் ஒரு சிட்டிகை எடுப்பதுமாக அவள் மாவு நிறுத்ததைப் பார்த்து, "பொன்னாசாரி தோத்தான்" என்றார் வேதாச்சலம்.

ஆனால் சப்பாத்தி அவளுக்குப் படியவில்லை. அந்த வீட்டில் அதற்கு முன் யார் சப்பாத்தி சுட்டார்கள்? முதல் நாள் சுட்டது செருப்புத்தோலாக வந்தது. வேதாச்சலம் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினார். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்க அவளுக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் தோசைக் கல்லை எண்ணெய்த் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, தோசைக்குச் சுற்றி விடுகிற மாதிரியே கரண்டியில் கடலை எண்ணெயைச் சுற்றி விட்டாள். திருப்பிப் போட்டு இன்னொரு சுற்று. சப்பாத்தி பொன்னிறமாக, மெத்தென்று, வாசனையாக வந்தது.

"இன்னா தாட்சாயணி, இது வியாதிக்காரன் துன்றதா? மாப்பிள்ளை விருந்து மாதிரிகீது" என்றார் அவர். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த முறை பக்கத்திலிருக்கும் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் ரயிலேறித் திருப்பதி போனபோது பெருமையாகத்தான் போனாள். நிறை பார்க்கும் மிஷினில் ஏற்றினார்கள். ஒரு பவுண்டுகூடக் குறையவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேதாச்சலத்தைப் பார்த்தார். "வீட்டுல அளவாத்தான் கொடுக்கறாங்க. நீங்க வெளியில சாப்பிடறீங்க. எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன்."

"இல்லீங்க சாமி" என்றார் வேதாச்சலம்.

டாக்டர் நம்பவில்லை. அதுகூடப் பரவாயில்லை, தாட்சாயணியும் நம்பவில்லை. நம்புவாளா? மாவை நிறுத்தது அவள் கை. அந்தக் கையில் தப்பிருக்க வழியே இல்லை என்றால், தப்பு அந்த ஆளின் வாயில்தானே இருக்க வேண்டும்?

அன்றிலிருந்து வேதாச்சலத்துக்குப் பிடித்தது சனி. கூலி வாங்கப் போனால் திரும்பி வந்ததும் வாயை ஊதச் சொல்வாள். கையை மோந்து பார்ப்பாள். கடைத்தெருவில் மசால் வடை போடுகிற ஜெயம்மாவிடம் போய், "எங்கூட்டுக்காரருக்கு வடை கொடுத்தே, அப்புறம் நடக்கிறதே வேற" என்று எச்சரித்துவிட்டு வந்தாள். "அவரு இந்தப் பக்கமே வர்ல அக்கா" என்று அவள் சொன்னதையும் நம்பவில்லை.

"எங்கண்ணன் இப்பிடித்தான் துன்னுப்புட்டுத் துன்னலன்னு சொல்லிக்கினு இருந்தாரு. கடைசியில இன்னா ஆச்சு? உங்களுக்கு வடை பெருசா, காலு பெருசா?"

வேதாச்சலம் முதலில் மறுத்துப் பார்த்தார். பிறகு தறிச் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். அப்புறம் வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தையும் அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டாள். பாவம் மனுஷன், பசியோடு நெய்துகொண்டு, தின்னாத வடைக்குத் தினமும் திட்டு வாங்கினார்.

மறுபடி திருப்பதி. மறுபடி அதே நிறை. டாக்டர் இன்சுலின் எழுதப் பேனாவைத் திறந்தார். "அடுத்த தடவையும் இப்பிடியே இருந்தா ஆரம்பிச்சுட வேண்டியதுதான்" என்று ஒரே ஒரு வாய்தா கொடுத்தார்.

வேதாச்சலத்தை வெளிப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தாட்சாயணி சுலோசனாவைத் தேடிப் போய் அழுதாள். "நான் இன்னா சிஸ்டர் பண்ணுவேன்? அஞ்சு தோலாவுக்கு மேல ஒரு தூசி போடறதில்ல."

"அது சரிம்மா. எண்ணெய் எவ்ளோ விடறீங்க?"

"எண்ணெயா? எண்ணெயே விடறதில்ல. மாவுல ஒரு சொட்டு சேர்க்கறதில்ல. கல்லுக்கு மட்டும்தான்."

சுலோசனாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகம். "கல்லுக்கு விட்டது எங்கம்மா போவுது? கல்லா துன்னுது?" என்று கேட்டாள், மெதுவாகத்தான் கேட்டாள். "துணியில கொஞ்சம் ஒட்டும், கல்லுல கொஞ்சம் தங்கும். மீதியெல்லாம் சப்பாத்தி குடிச்சுடும். ஒரு தோலா எண்ணெய்க்கு நூறு கலோரிக்கு மேலயே இருக்கு. வூட்டுக்குப் போய் எண்ணெய்க் கிண்ணத்தைச் சுடறதுக்கு முன்ன ஒருதரம், சுட்ட பின்ன ஒருதரம் நிறுத்துப் பாருங்க."

ஊர் வந்ததும் அவள் முதல் வேலையாக அதைத்தான் செய்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை, துணியும் கரண்டியும் அதிலேயே போட்டபடி தட்டில் வைத்து, எதிர்த் தட்டில் எடைக்கல் போட்டு நேர் நிறுத்தினாள். வழக்கம்போல மூன்று சப்பாத்தி சுட்டாள். துணியையும் கரண்டியையும் திரும்பக் கிண்ணத்தில் போட்டுத் தட்டில் வைத்தாள். கிண்ணத் தட்டு விசுக்கென்று மேலே போயிற்று. கிண்ணத்தின் பக்கம் ஒரு தோலாக் கல்லைப் போட்டாள். இறங்கவில்லை. இன்னொன்றைப் போட்ட பிறகுதான் நேர் நின்றது.

ரெண்டு தோலா. இருநூறு கலோரிக்கு மேல். மாவுக்கு எவ்வளவோ எண்ணெய்க்கும் அவ்வளவு. கல்லில் தங்கியதைக் கழித்தாலும், இரண்டு வேளைக்கும் சேர்த்து அந்த மனுஷன் தினமும் இன்னொரு ஆளின் சாப்பாட்டைத் தின்றுகொண்டிருந்திருக்கிறார். அதுவும் அவள் கையால். அவர் தொண்டை இறங்கட்டும் என்று அவள் விட்ட எண்ணெய்.

தாட்சாயணி அடுப்பெதிரே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். ஊரையே திட்டத் தெரிந்த வாய்க்கு இந்த ஒரு சொல் வரவில்லை. "டாக்டரு எண்ணெயைக் கொறைக்கச் சொல்ட்டாரு" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

அதன் பிறகு வெந்நீர் விட்டுத் தளர்வாகப் பிசைந்தாள். ஈரத்துணி போட்டு ஊற வைத்தாள். வெறும் கல்லில் வாட்டித் தணலில் போட்டாள், சப்பாத்தி உப்பி எழுந்தது. மூன்றுக்கும் சேர்த்து ஒரு சின்னக் கரண்டி எண்ணெய், அதையும் நிறுத்து, கால் தோலாவுக்குச் சற்றே கூட. வடைப் பேச்சை அடியோடு விட்டாள். வேதாச்சலம் அதைக் கவனித்தாரா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. பழைய ருசி இல்லை என்று ஒரு நாளும் சொல்லவும் இல்லை.

வாய்தா முடிந்து போனபோது மிஷின் முள் நன்றாகவே கீழே நின்றது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். ஊசிப் பேச்சை எடுக்கவே இல்லை. வேதாச்சலத்தின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பார்த்தீங்களா? வெளியில திங்கறதை விட்டீங்க, குறைஞ்சுடுச்சு. மனுஷனுக்கு நாக்கைக் கட்டத் தெரியணும். இப்பத்தான் திருந்தினீங்க."

வேதாச்சலம் கை கட்டிக்கொண்டு, "ஆமாங்க சாமி" என்றார்.

அந்த 'ஆமாங்க'வைத்தான் தாட்சாயணியால் தாங்க முடியவில்லை. "இல்லீங்க டாக்டரு" என்று முன்னால் வந்துவிட்டாள். "அவரு எப்பவும் வெளியில துன்னல. நான்தான் கல்லுக்கு எண்ணெய் விட்டுக்கினு, அதைக் கணக்குல சேர்க்காம இருந்தேன். ரெண்டு வேளையும் ரெண்டு ரெண்டு தோலா. தப்பு எம்மேல. அவரைச் சொல்லாதீங்க." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நானும் தப்பாத்தான் சொல்ட்டேன், பெரியவரே" என்றார்.

திரும்பும் ரயில் ரேணிகுண்டாவைத் தாண்டிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தாட்சாயணி, வெளியே பார்த்தபடியே, "எத்தினி பேச்சுப் பேசினேன் உங்களை" என்றாள். "பட்டினியா தறி நெய்யற மனுஷனை வாயை ஊதச் சொன்னேனே. எனக்கு நல்ல கதி வருமா?" முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

வேதாச்சலம் மீசையைத் தடவிக்கொண்டார். சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு குனிந்து, ரகசியம் போலச் சொன்னார்.

"நீ ஒண்ணும் அழுவாத. நானும் யோக்கியன் இல்ல. ஒரு செவ்வாக்கெழம, ஜெயம்மா கடையில நின்னு வடை துன்னேன்."

"எந்தச் செவ்வாக்கெழம?"

"அதான், போன மாசம். எல்லைத் தகராறுன்னு ஊர்கோலம் போனாங்களே, அன்னிக்கு. சூடா போட்டுக்கினு இருந்தா."

அந்தச் செவ்வாய்க்கிழமை நகரியில் கடையடைப்பு. ஒரு பெட்டிக்கடைகூடத் திறக்கவில்லை. ஜெயம்மா அன்று முழுக்கத் தாட்சாயணியின் வீட்டுப் புழக்கடையில்தான் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று தறிக்குழியை விட்டு எழுந்தே வராத இந்த மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்?

தாட்சாயணி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம், வியர்த்திருந்தது.

"எத்தினி வடை?" என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு."

"அப்போ நான் திட்டினது நாயந்தான்."

"நாயந்தான்" என்றார் வேதாச்சலம்.

அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, புத்தூர் வரும்வரை கண்ணைத் துடைத்தபடியே இருந்தாள்.