காத்தாடிச் சத்தம்

கருமத்தம்பட்டியில் என்னைப் படமெடுக்க வந்த பெண், பேட்டி முடிந்ததும், "ஒரு நிமிசம் யாரும் பேசாதீங்கம்மா, இந்த ரூம் சத்தத்த மட்டும் பதியணும்" என்றாள். மூச்சடக்கி உட்கார்ந்தேன். தலைக்கு மேல் சுற்றும் காத்தாடியும் தூரத்துத் தறியும் மட்டும் கேட்டன.

பிறகு சரவணம்பட்டியில் தன் ஆபீசுக்கு அழைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினாள். என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்தபின் தறி ஓட்டியது நான்தான் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பேச்சைக் காணோம்.

"நீளமாயிருச்சுங்கம்மா. வெட்டிட்டு அந்த ரூம் சத்தத்த வெச்சு ஒட்டிட்டேன். வெட்டினதே தெரியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் கூட்டத்தில் வாய் திறக்காதவள் நான், அன்று திறந்தேன்.

"அதுதான் கண்ணு அநியாயம். எம்பேச்ச மறைக்க எங்கூட்டுச் சத்தத்தையே எடுத்துப்போட்டியே. நடுவுல இருமினேனே, வேணும்னா அங்க ஒட்டிக்க."

பேச்சைத் திரும்பச் சேர்த்தாள். இருமல் இருந்த இடத்தில் இப்போது காத்தாடி ஓடுகிறது.