அப்சானா எழுதிய திருத்தம்

கப்பலூர் தொழிற்பேட்டையில் அழகுபாண்டியின் ரப்பர் பட்டறை இருக்கிறது. குழாய் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் வளையங்களும், பேருந்துகளின் அடியில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களும் செய்வார்கள். பசுமலையில் வேதியியல் படித்த அப்சானா அங்கே பதினொரு வருடம் ரப்பர் கலவையைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். புஷ் வாங்கிக்கொண்டிருந்த பெரிய கம்பெனி திடீரென்று நிறுத்திக்கொண்டதும், ஆர்டர் பிடிக்கும் வேலையையும் அவளே பார்க்கும்படி ஆகிவிட்டது.

அவளுக்கு அது வரவில்லை. போனில் யாராவது விலை கேட்டால், எந்த இடத்தில் மாட்டப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பாள். பதிலைக் கேட்டுவிட்டு, நம்ம சரக்கு அதுக்கு ஒத்துவராதுங்க என்று உண்மையைச் சொல்லிவிடுவாள். அழகுபாண்டி தலையில் கை வைத்துக்கொள்வார்.

அவர் சொல்லித்தான் லிங்க்ட்இன்னில் உணவு ஆலைப் பராமரிப்புப் பொறியாளர்களின் குழு ஒன்றில் சேர்ந்தாள். அனுமதி கிடைத்த அன்றே, தரமான வளையங்கள் குறைந்த விலையில் கிடைக்கும் என்று படத்தோடு போட்டாள். ஒரு மணி நேரத்தில் குழுவை நடத்துகிறவர் அதை நீக்கிவிட்டார். இங்கே விளம்பரம் கூடாது, இன்னொரு முறை போட்டால் வெளியேற்றப்படுவீர்கள் என்று செய்தியும் வந்தது. அப்சானாவுக்கு முகம் சுருங்கிப்போனது. ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு போய்ச் சும்மா படிக்க ஆரம்பித்தாள். அங்கே ஆட்கள் கேட்பதெல்லாம் அவள் தினமும் பார்க்கிற சங்கதிகள். ரப்பர் ஏன் வெடிக்கிறது, ஏன் நிறம் மாறுகிறது. கேள்விக்குக் கீழே பலரும், எங்களைத் தொடர்புகொள்ளுங்கள் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அவள் காரணத்தை எழுதினாள். எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் எழுதினாள். காலையில் பட்டறைக்கு வந்ததும் அரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்கிக்கொண்டாள். நாலு மாதம் நன்றிகள் வந்தன. ஆர்டர் ஒன்றும் வரவில்லை.

ஐந்தாவது மாதம், நெய் ஆலைப் பொறியாளர் ஒருவர், வளையங்கள் இரண்டே மாதத்தில் ஊதிப்போகின்றன என்று எழுதினார். பால் குழாயில் போடுகிற அதே இ.பி.டி.எம் ரப்பரைத்தான் நெய்க்கும் போட்டிருந்தார்கள். கொழுப்பு பட்டால் அந்த ரப்பர் ஊதும், நைட்ரைல் ரப்பருக்கு மாறுங்கள் என்று அப்சானா பதில் எழுதினாள். பலர் சரி என்றார்கள். மறுநாள் புனேக்காரர் ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: இப்படிப்பட்ட ஆலைகளில் குழாயை நைட்ரிக் அமிலம் விட்டுக் கழுவுகிறார்களே, நைட்ரைல் தாங்குமா?

தாங்காது. எப்படிக் கழுவுகிறார்கள் என்று அவள் கேட்கவே இல்லை.

அழகுபாண்டி பதறினார். "அத அழிச்சிரும்மா. கம்பெனி பேரு கெட்டுப்போகும்."

"அழிச்சா நான் சொன்னத நம்பி அவுக நைட்ரைல வாங்கிப் போட்ருவாகண்ணே."

பழைய பதிலை அப்படியே விட்டு, அதன் கீழே எழுதினாள்: அமிலத்தைப் பற்றிக் கேட்டவர் சொல்வது சரி. கழுவும் முறையைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், என் தவறு. நைட்ரைல் போடாதீர்கள். கொழுப்பையும் நீர்த்த அமிலத்தையும் தாங்குவது எப்.கே.எம் என்கிற ரப்பர். கழுவும்போது காரக் கரைசலையும் சூடாக விடுவீர்கள் என்றால், பெராக்சைடில் பதப்படுத்திய வகையாகக் கேட்டு வாங்குங்கள். முதலில் ஒரே ஒரு இணைப்பில் மாட்டிப் பாருங்கள். அனுப்பிவிட்டு, லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுக் கலவையைச் சோதிக்கப் போனாள்.

கேள்வி கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு, வளையங்களை வேறு யாரிடமோ வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் கழித்து, அந்தக் குழுவில் ஒரு வார்த்தைகூட எழுதியிராத ஒருவரிடமிருந்து தனிச் செய்தி வந்தது. ஓசூர்ப் பக்கம் ஐஸ்கிரீம் ஆலையில் பராமரிப்புத் தலைவர். உங்கள் பதில்களை ஆரம்பத்திலிருந்தே படிக்கிறேன். தப்பு என்று ஒத்துக்கொள்கிற சப்ளையரை நான் பார்த்ததில்லை. எங்கள் வளையங்களின் வரைபடம் அனுப்பினால் பார்ப்பீர்களா என்று கேட்டிருந்தார். அப்சானா முதல் காரியமாக, எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேட்டாள். மாதிரிக்கு நாற்பது வளையங்கள் போயின. மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, வழக்கமான ஆர்டராகக் கொடுத்தார்கள்.

அந்த வருடம் இப்படி நாலு பேர் வந்தார்கள். பட்டறைக்கு அது போதுமானதாக இருந்தது.

போன வாரம் வேறொரு குழுவில் பேருந்து புஷ் பற்றிக் கேள்வி வந்தது. அப்சானா கூப்பிட்டதும், பல வருடம் புஷ் செய்த அழகுபாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல, அவள் இங்கிலீஷில் தட்டினாள். இருபது நிமிடம் சொன்னார். முடித்துவிட்டு, "நம்ம நம்பரப் போட்ரும்மா," என்றார்.

"வேணாம்ணே. எம் பேருக்குக் கீழயே பட்டறை பேரு இருக்கு. வேணுங்கிறவுக வருவாக."

தட்டியதை அவர் ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு, எத்தனை டன் வண்டி என்று கேட்காமல் விட்டுவிட்டோமே, அதை முதல் வரியில் கேள் என்றார்.