ஒன்பது பையும் மேல் வரிசையும்

வீட்டில் எல்லோருக்கும் அவள் ஜிப்பு. கழுத்தில் எப்போதும் இரண்டு மூன்று ஜிப் மாலை போலத் தொங்கும். துணிப்பை தைக்க உட்கார்ந்தால் தேடாமல் கைக்குக் கிடைக்க வேண்டுமாம். அப்படியே கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்த நாளும் உண்டு. அந்தப் பெயர் சொல்லி முதலில் கூப்பிட்டது அவளுடைய அண்ணன். தையல்காரர். தன் பழைய மெஷினையும் துணி வெட்டும் வித்தையையும் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, போன வருடம் ஒரே வாரக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

அன்று மதியம் ஜிப்புவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெரிய தெருவில் பரிசுப்பொருள் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, வாசல் பக்கத்துக் கண்ணாடி அலமாரியை இந்தப் பண்டிகை சீசனுக்கு யாராவது ஒரு கைவேலைக்காரருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். கேட்டு வந்தவர்கள் பலர். “பையக் கொண்டுவந்து காட்ட வேணாம். போன்ல நீங்க படம் போடுற பேஜத் திறந்தா ஒரே பார்வையில இது இவங்க வேலைன்னு தெரியணும். சாயங்காலம் உக்காந்து எல்லாரோடதையும் பாக்கிறேன்” என்று சொல்லிவிட்டார்.

ஜிப்புவின் பேஜைத் திறந்தாலோ, பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டியது போல இருந்தது. ஒரு படம் படுக்கை விரிப்பின் மேல், ஒன்று சமையல் மேடையில், ஒன்றில் வீட்டுக்காரரின் பாதிக் கால்.

“அந்தக் கால் நல்லாத்தானே இருக்கு? அதுக்கு லைக்கெல்லாம் வந்துச்சு” என்றார் ஃப்ரிட்ஜ் ரிப்பேர்க்காரரான வீட்டுக்காரர்.

“போட்டது நீங்க ஒருத்தர்தான்” என்றாள் ஜிப்பு.

ஆபத்துக்கு வந்தவள் நாத்தனார். பாப்பா என்று கூப்பிடுவார்கள், வயது முப்பத்தைந்து. பிரிண்டிங் கடையில் டிசைன் வேலை. காலையிலேயே இருவருமாக ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒன்பது பைகளைப் படம் எடுத்திருந்தார்கள். பாப்பா அவற்றைக் கடைக்குக் கொண்டுபோய், பேஜில் தெரியும் அளவுக்குச் சற்று நெட்டையான கட்டங்களாக அடித்து, வெட்டி எடுத்து வந்தாள். இஸ்திரி மேசையைத் துடைத்துவிட்டு மூன்று மூன்றாக அடுக்கினார்கள்.

“போன்லயே பாக்கலாமே?” என்றார் வீட்டுக்காரர்.

“போன்ல போட்டப்புறம் இடம் மாத்துறது பெரிய பாடு, அண்ணா. இங்கன்னா கை நகத்தினா நகரும்.”

முதலில் பாப்பாவின் யோசனை: ஒரு பை, ஒரு வெறும் வண்ணக் கட்டம், மறுபடி ஒரு பை என்று சதுரங்கப் பலகை மாதிரி. எட்டி நின்று பார்த்தார்கள். ஒழுங்காகத்தான் இருந்தது.

“குளியலறை டைல்ஸ் மாதிரி இருக்குடி. பாதி இடத்தில பையே இல்ல. நான் என்ன கலரா விக்கிறேன்?”

கலைத்தார்கள். அடுத்து, வரிசைக்கு ஒரு நிறம். பாப்பா செங்கல் நிறப் பைகளை மேலே வைத்து, அடுத்து பச்சை, அதற்கும் கீழே மஞ்சள் என்று அடுக்கினாள்.

“சிவப்புதான் அண்ணி கண்ணப் பிடிக்கும்.”

“பிடிக்கும், விடாது. அதுக்குக் கீழ பச்சை வந்ததும் பார்வை முட்டிக்கிட்டு நிக்குது பாரு.” ஜிப்பு வரிசைகளை இழுத்து மாற்றினாள். மேலே இலைப்பச்சை, நடுவில் மஞ்சள், அடியில் செங்கல். பச்சை வரிசையின் மூன்றாவது பையில் கொஞ்சம் மஞ்சள் ஓரம் இருந்தது. மஞ்சள் வரிசையின் கடைசிப் பைக்குச் செங்கல் நிறக் கைப்பிடி. நிறம் ஒரு வரிசையிலிருந்து அடுத்ததற்கு வழிந்து இறங்கியது.

பாப்பா எட்டிப் போய் நின்று ஒருமுறை பார்த்தாள். பிறகு, “அண்ணி! தண்ணி ஊத்தின மாதிரி ஓடுது!” என்று அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். கழுத்து ஜிப்புகள் கலகலத்தன.

“கடைசிப் படத்த முதல்ல போடணும், ஞாபகம் வெச்சுக்கோங்க. புதுசா போடுறதுதான் மேல முதல் கட்டத்துக்கு வரும். அதனால கீழ் வரிசை வலது ஓரத்துலேர்ந்து பின்னாலயே வரணும்” என்று பாப்பா சொல்லச் சொல்ல, ஜிப்பு ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒன்பதாவது ஏறியதும் இருவரும் போனுக்குள்ளேயே விழுந்துவிடுவது போலப் பார்த்தார்கள். மேசையில் இருந்தது அப்படியே திரையில் இருந்தது.

பாப்பா டீ போட அடுப்படிக்குப் போனாள். ஜிப்பு சும்மா விரலால் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனாள். அண்ணனின் படம் எங்கோ ஆழத்தில் கிடந்தது. முகம் இல்லாத படம். கரும்பச்சைப் பலகையில் விரித்த துணி, மஞ்சள் சாக்பீஸ் பிடித்த இரண்டு கைகள். அவள் பேஜ் ஆரம்பித்த அன்று அண்ணன் எடுக்கச் சொன்னது. ‘மூஞ்சி எதுக்கு, வேலை செய்யறது கைதானே’ என்று சிரித்தது நினைவுக்கு வந்தது. இன்று ஒன்பது போட்டதில் அந்தப் படம் இன்னும் கீழே போய்விட்டது. இனி ஒவ்வொன்று போடும்போதும் கீழே போகும்.

அவள் அதை அழுத்தி, எப்போதும் பக்கத்தின் உச்சியிலேயே நிற்கும்படி பின் பண்ணிவிட்டாள்.

“அண்ணி, என்ன பண்ணீங்க!” டீயோடு வந்த பாப்பா அலறினாள்.

முதல் கட்டத்தில் அண்ணனின் கை. ஒன்பது பைகளும் ஒவ்வொரு இடம் தள்ளிப் போயிருந்தன. பச்சை வரிசையின் கடைசிப் பை மஞ்சள் வரிசையின் தலையில் வந்து உட்கார்ந்திருந்தது. மஞ்சளின் கடைசிப் பை செங்கல் வரிசையில். செங்கலின் கடைசிப் பை, வீட்டுக்காரரின் காலுக்குப் பக்கத்தில்.

“என் கால் மேல வந்துடுச்சா?” என்று எட்டிப் பார்த்தார் அவர்.

“சும்மா இருங்க அண்ணா! அண்ணி, எடுத்துடுங்க. அந்தம்மா இப்பப் பாத்தா எல்லாம் போச்சு.”

ஜிப்புவின் விரல் படத்தின் மேல் போய் நின்றது. அழுத்தவில்லை.

“அவரு மெஷின்ல தெச்ச பைடி எல்லாம். அவரக் கீழ தள்ளிட்டு நான் அந்த அலமாரில போய் நிக்கணுமா?” குரல் உடையவில்லை, பிடிவாதமாகத்தான் இருந்தது. “வேற வழி சொல்லு.”

பாப்பா டீயை வைத்துவிட்டு மேசைக்கு வந்தாள். ஒரு வெற்றுக் காகிதத்தை முதல் கட்டத்தில் வைத்து, எல்லாவற்றையும் ஒவ்வொன்று தள்ளினாள். கோணல். இன்னொன்றை வைத்துத் தள்ளினாள். இன்னும் கோணல். மூன்றாவதை வைத்தாள். பச்சை ஒரு வரிசை, மஞ்சள் ஒரு வரிசை, செங்கல் ஒரு வரிசை. எல்லாம் ஒரு படி கீழிறங்கி, நேராக நின்றன.

“மூணு! மூணு வரைக்கும் பின் பண்ணலாம் அண்ணி! ஒரு வரிசை முழுசா நிரம்பிட்டா கீழ எதுவும் கலையாது! இன்னும் ரெண்டு பழைய படம் வேணும். இந்த ஒன்பதுல இருந்து எடுத்துடாதீங்க, சீக்கிரம்!”

இருவரும் போனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார்கள். “இது?” “மங்கல்.” “இது?” “அது உங்க படுக்கை விரிப்பு, வேணாம்.” வீட்டுக்காரர்தான் பின்னாலிருந்து விரலை நீட்டினார்: “அந்த நூல்கண்டு படம்?” கரும்பச்சை நூல்கண்டு. அடுத்து ஜிப்பு முதன்முதலில் தைத்த பை, கோணல் தையலோடு, அதுவும் கரும்பச்சை. அண்ணன் வெட்டிக் கொடுத்த துணி.

கை, நூல், முதல் பை. கரும்பச்சை மேலே நின்று, இலைப்பச்சையாக வெளுத்து, மஞ்சளாகி, செங்கலில் இறங்கியது. மதியத்திலிருந்து வைத்து வைத்துப் பார்த்த எதிலும் இவ்வளவு அழகு இல்லை.

டீ ஆறி ஏடு கட்டிய பிறகு போன் அடித்தது. ஜிப்பு ஸ்பீக்கரில் போட்டாள்.

“உங்க பேஜப் பாத்தேன். மேல இருக்கிற கை யாரோடது?” என்றார் கடைக்கார அம்மா.

“எங்க அண்ணனோடது மேடம். இப்ப இல்ல.”

“அலமாரில பையெல்லாம் இதே வரிசையில அடுக்கணும், சொல்லிட்டேன். அப்புறம் அந்தக் கைப் படத்தப் பெரிசா அடிச்சு அலமாரிக்குப் பின்னால ஒட்டலாமா?”

ஜிப்பு வாய் திறப்பதற்குள் பாப்பா போனுக்குள் கத்தினாள்: “நான் அடிச்சுத் தரேன் மேடம்! நாளைக்கே!”

வீட்டுக்காரர் தன் காலை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். “நம்ம படத்தக் கேக்கலையே” என்றார். ஜிப்பு சிரித்துக்கொண்டே கழுத்து ஜிப்பின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். அது குத்தியது. அதற்கும் சிரித்தாள்.